பள்ளிச் சீருடையில் மைக்கறையும் எண்ணெய்க் கறையும்

(பீடோர் வட்டாரத் தோட்டங்களைச் சேர்ந்த தாய்மார்கள் கூடியிருந்த கூட்டமொன்றில், தகவல் அதிகாரி செயல்முறை விளக்கத்துடன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேசையின் மீது ஒரு வெள்ளைச் சட்டையை விரித்து வைத்திருக்கிறேன். தொடக்கப்பள்ளி மாணவன் ஒருவனுடைய சட்டை இது. கூட்டத்திற்கு வந்திருக்கும் ஒரு தாயார் இதனைத் துவைக்காமல் அப்படியே கொண்டு வந்து கொடுத்தார்கள். துவைக்காமல் கொண்டு வந்ததற்காகவே அவர்களுக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஏன் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

இந்தச் சட்டையில் மூன்று கறைகள் உள்ளன. சட்டைப்பையின் அடியில், இருபது காசு நாணயத்தின் அளவில், நீல மைக்கறை ஒன்று. மூடியிடாத பேனாவைப் பையில் செருகிக்கொண்டு பையன் விளையாடியிருக்கிறான். சட்டையின் கீழ்விளிம்பில், விரல் நீளத்திற்குக் கறுப்பாக ஒரு தீற்றல். அது சைக்கிள் சங்கிலியில் பட்ட மசகு. கழுத்துப்பட்டியின் உட்புறத்தில், மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறத்தில் ஒரு நீண்ட கோடு. தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து பல நாட்களாகப் படிந்த கறை அது.

இந்த மூன்றிற்கும் நம் வீடுகளில் பொதுவாகச் செய்யப்படுவது ஒன்றுதான். சட்டையைச் சவர்க்காரத் தூள் கரைத்த வாளியில் ஊறப்போட்டு, தேய்த்துப் பார்த்து, போகவில்லை என்றவுடன் குளோரின் வெளுப்பானை ஊற்றுகிறோம். அதற்கும் போகாவிட்டால், 'இது போகாத கறை' என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் இந்தச் சட்டையிலுள்ள மூன்றுமே போகக்கூடிய கறைகள். ஒவ்வொன்றும் வேறு வேறு பொருளில் கரையும் என்பதும், எதை முதலில் எடுப்பது என்பதற்கு ஒரு வரிசை உண்டு என்பதுமே நாம் அறிந்துகொள்ள வேண்டியவை.

முதலில் மையை எடுத்துக்கொள்வோம். மை என்று ஒரே சொல்லால் அழைத்தாலும், பிள்ளைகளின் பைகளில் இருப்பது ஒரே பொருள் அன்று. முன்னாளில் தோட்டப் பள்ளிகளில் பயன்படுத்திய தொட்டெழுதும் பேனாவிலும், பின்னர் வந்த ஊற்றுப் பேனாவிலும் இருந்தது நீரில் கலந்த மை. அது சட்டையில் பட்டால் குளிர்ந்த நீரில் உடனே அலசும்போது பெரும்பகுதி போய்விடும். நம் பாட்டிமார் எலுமிச்சைச் சாறும் உப்பும் வைத்துத் தேய்த்தது கருநீல மைக்கு. பழைய கருநீல மையில் இரும்புச் சத்து உண்டு. எலுமிச்சையின் புளிப்பு அந்த இரும்பைக் கரைத்து எடுக்கும். ஆகவே அந்தக் கைவைத்தியம் அக்காலத்து மைக்குச் சரியான வைத்தியமே.

ஆனால் இன்று பிள்ளைகள் பெரும்பாலும் எழுதுவது பந்துமுனைப் பேனாவினால். இதன் பிறப்பைச் சொன்னால் கறையின் குணம் விளங்கிவிடும். ஹங்கேரி நாட்டுப் பத்திரிகையாளர் லாஸ்லோ பீரோ என்பவர், ஊற்றுப் பேனாவின் மை காய்வதற்கு நேரமாகித் தாளில் இழுபடுவதையும், அச்சகத்தில் செய்தித்தாளுக்குப் பயன்படுத்தும் மை விரைவில் காய்ந்துவிடுவதையும் கண்டார். அந்த அச்சு மையைப் பேனாவில் ஊற்றினால் அது கெட்டியாக இருந்ததால் இறங்கவில்லை. எனவே நுனியில் சுழலும் சிறு குண்டு ஒன்றை வைத்து, அக்குண்டு மையை உருட்டிக்கொண்டு வந்து தாளில் இடும்படி செய்தார். 1938ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். இதிலிருந்து நாம் பெறும் செய்தி யாதெனில், பந்துமுனைப் பேனாவின் மை தண்ணீரில் கலந்த மை அன்று. அது பசைபோன்ற எண்ணெய்த்தன்மை வாய்ந்த மை. தண்ணீரை ஊற்றினால் அது கரையாது. எலுமிச்சையும் அதனை ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அதில் கரைப்பதற்கு இரும்பே இல்லை. அதனைக் கரைப்பது ஸ்பிரிட் எனப்படும் ஆல்கஹாலே.

பற்பசை தடவலாம், பாலில் ஊறவைக்கலாம் என்றெல்லாம் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பாலில் ஊறிய சட்டை பிறகு வீச்சம் அடிப்பதுதான் மிச்சம். தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மையைப் போக்கும் என்பது முன்பு ஓரளவு உண்மை. அதில் ஆல்கஹால் மிகுதியாக இருந்ததே காரணம். இப்போது விற்கும் பலவற்றில் அது குறைந்துவிட்டது. அதற்குப் பதிலாக, 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றிற்குப் பின் எல்லார் வீட்டிலும் ஒரு போத்தல் கைத்தூய்மி இருக்கிறதல்லவா? அதில் பெரும்பாலும் 70 விழுக்காடு அளவில் ஆல்கஹால் உண்டு. மருந்துக் கடையில் தெளிவான ஸ்பிரிட் வாங்க இயலாதவர்கள் அதனையே பயன்படுத்தலாம். ஆனால் நிறமோ மினுமினுப்போ கலந்த கைத்தூய்மி வேண்டா. மெத்திலேட்டட் ஸ்பிரிட் வாங்கும்போதும் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலவற்றில் ஊதா நிறம் சேர்க்கப்பட்டிருக்கும். வெள்ளைச் சட்டையில் அதை ஊற்றினால் ஒரு கறைக்கு இரண்டு கறையாகும்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். சட்டையில் உள்ளது எந்தப் பேனாவின் மை என்பதைப் பையனே சொல்ல மாட்டான். பக்கத்துப் பையன் பூசியிருந்தால் அவனுக்கே தெரியாது. அப்படியானால் எப்படி அறிவது? இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. இதை மட்டும் நீங்கள் மறவாமல் செய்தால் பாதி வேலை முடிந்தது.

காது துடைக்கும் பஞ்சுக் குச்சிகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் குளிர்ந்த நீரில் நனைத்துக் கறையின் ஓர் ஓரத்தில் மட்டும் வைத்து, தேய்க்காமல், பத்து எண்ணும் வரை அழுத்துங்கள். பஞ்சில் நீலம் ஏறினால் அது நீர் மை. ஏறாவிட்டால், இரண்டாவது குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்துக் கறையின் மற்றோர் ஓரத்தில் அவ்வாறே அழுத்துங்கள். பஞ்சில் நிறம் நன்றாக ஏறினால் அது பந்துமுனைப் பேனாவின் மை, அல்லது ஸ்பிரிட்டில் கரையும் மார்க்கர் மை. இரண்டிலும் ஏறாவிட்டால், அது பெரும்பாலும் ஜெல் பேனாவின் மை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இதோ, இந்தச் சட்டைப்பையில் செய்து பார்க்கிறேன். நீர்க்குச்சி வெள்ளையாகவே இருக்கிறது. ஸ்பிரிட் குச்சியைப் பாருங்கள். வைத்த மாத்திரத்தில் நீலமும் ஊதாவுமாக மாறிவிட்டது. ஐயத்திற்கு இடமில்லை; இது பந்துமுனைப் பேனா மை.

சட்டையைத் துவைக்காமல் கொண்டு வந்ததற்கு ஏன் நன்றி சொன்னேன் என்பது இப்போது விளங்கும். நனைந்த துணியில் ஸ்பிரிட்டை ஊற்றினால், துணியிலுள்ள தண்ணீர் அதனுடன் கலந்து அதன் வலிமையைக் குறைத்துவிடும். ஆகையால் மைக்கறையைத் துணி உலர்ந்திருக்கும்போதே, எல்லாவற்றிற்கும் முன்னதாக எடுக்க வேண்டும். முன்பே துவைத்துவிட்ட சட்டையாயின் நிழலில் உலரவிட்டுப் பிறகு தொடங்குங்கள். இஸ்திரி மட்டும் போட்டுவிடாதீர்கள். சூடு பட்டால் மையும் எண்ணெயும் நூலோடு மேலும் ஒட்டிக்கொள்ளும்.

மையை எடுக்கும் முறையைக் கவனியுங்கள். முதலில் சட்டையின் உள்விளிம்பில், வெளியே தெரியாத ஓரிடத்தில் ஒரு துளி ஸ்பிரிட் வைத்துத் துணிக்குக் கேடு வருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளைச் சட்டைக்கு இது அவ்வளவு முக்கியமன்று. மாணவிகளின் நீலப் பினாபோருக்கு மிக முக்கியம். அடுத்து, பழைய வெள்ளைத் துண்டை நான்காக மடித்துக் கீழே வைக்கிறேன். சட்டைப்பையின் துணியை அதன்மீது, கறை கீழ்நோக்கி இருக்கும்படி கவிழ்க்கிறேன். பையில் இரண்டடுக்குத் துணி இருப்பதை மறக்க வேண்டா. பையின் துணியையும் அதற்குப் பின்னாலுள்ள சட்டைத் துணியையும் தனித்தனியே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரடுக்கிலிருந்து இறங்கும் மை மற்ற அடுக்கில் போய்ச் சேரும்.

இப்போது கறையின் பின்புறத்திலிருந்து ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். ஒரு தேக்கரண்டியில் பாதி போதும். பஞ்சினால் மேலிருந்து அழுத்துகிறேன். தேய்க்கவில்லை, அழுத்துகிறேன். தேய்த்தால் இருபது காசு அளவுள்ள கறை உள்ளங்கை அளவாகிவிடும். கறையின் வெளியோரத்திலிருந்து நடுவை நோக்கி வரவேண்டும். சட்டையைத் தூக்கிக் கீழேயுள்ள துண்டைப் பாருங்கள். மை துண்டிற்கு இறங்கியிருக்கிறது. கறையை இடம் மாற்றுவதுதான் நம் வேலை. சட்டையிலிருந்து துண்டிற்கு அது போக வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் துண்டின் தூய பகுதிக்குச் சட்டையை நகர்த்த வேண்டும். நகர்த்தாமல் அதே இடத்தில் வைத்துக்கொண்டிருந்தால், துண்டிலிறங்கிய மை மீண்டும் சட்டைக்கே ஏறும். 'ஸ்பிரிட் வைத்தும் போகவில்லை' என்று சொல்பவர்களில் பலர் செய்வது இத்தவறே.

இவ்வாறு நான்கைந்து முறை செய்ய வேண்டியிருக்கும். மொத்தம் இரண்டு அல்லது மூன்று தேக்கரண்டி ஸ்பிரிட் செலவாகும். துண்டில் நீலம் இறங்குவது நின்றவுடன் நாமும் நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகும் சட்டையில் மங்கலான நிழல் ஒன்று தெரியலாம். அதன்மீது பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரத்தில் நான்கு துளி விட்டு, விரலால் மெல்லத் தடவி, ஐந்து நிமிடம் விட்டுக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். இதோ, இந்த நிழலும் ஏறக்குறைய போய்விட்டது. எஞ்சியதை முழுச் சட்டையையும் துவைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்பிரிட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது நொடியில் தீப்பற்றும். அடுப்பு எரியும் சமையற்கட்டில் இவ்வேலையைச் செய்யாதீர்கள். விளக்கேற்றிய சாமி மேடைக்கு அருகிலும் வேண்டா. கதவையும் சன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு, சிறுபிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் செய்து முடித்து, ஸ்பிரிட் பட்ட துண்டையும் பஞ்சையும் நீரில் அலசிய பிறகே மற்ற வேலைக்குச் செல்ல வேண்டும்.

அடுத்து எண்ணெய்க் கறைகள். பையன் சட்டையில் உள்ளவை இரண்டு வகை. இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. எண்ணெய் தண்ணீருடன் சேராது. அவ்விரண்டையும் சேர்த்து வைக்கும் பொருள் சவர்க்காரம். ஆனால் வாளித் தண்ணீரில் ஒரு கை சவர்க்காரத் தூளைக் கரைத்துச் சட்டையை அமிழ்த்தினால், அந்தச் சவர்க்காரம் வாளி முழுவதும் பரவிவிடுகிறது. கறைக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். ஆகவே, எண்ணெய்க் கறைக்குச் சவர்க்காரத்தைத் தண்ணீர் கலக்காமல் கறையின் மீதே நேரடியாகத் தடவ வேண்டும். இதற்கு மிக ஏற்றது பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரம்தான். தட்டிலும் சட்டியிலும் ஒட்டிய கொழுப்பை எடுப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது. துணியிலுள்ள எண்ணெயையும் அவ்வாறே எடுக்கும்.

நாம் வாங்கும் சீருடைச் சட்டையின் பட்டையில் பாருங்கள். பெரும்பாலும் பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்தது என்று அச்சிட்டிருக்கும். பாலியெஸ்டர் நூல் தண்ணீரை விரும்பாது. எண்ணெயை விரும்பிப் பிடித்துக்கொள்ளும். மடிப்புக் கலையாமல் விரைவில் காய்கிறதே என்று நாம் அதை விரும்பி வாங்குகிறோம். அதற்கு நாம் கொடுக்கும் விலை இந்தக் கழுத்துப்பட்டிக் கோடு.

சங்கிலி மசகை முதலில் எடுப்போம். இதில் எண்ணெய் மட்டும் இல்லை. தேய்ந்த இரும்பின் பொடியும் சாலைத் தூசியும் கரியும் அதில் குழைந்திருக்கின்றன. எண்ணெய் கரைந்தாலும் அந்தக் கறுப்புப் பொடி நூலிடுக்கில் தங்கிவிடும். ஆகவே முதலில் மழுங்கிய கத்தியின் முதுகினாலோ கரண்டிக் காம்பினாலோ மேலே உள்ள மசகைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பிறகு, கேட்கும்போது வியப்பாக இருக்கும், கறையின் மீது அரைத் தேக்கரண்டி சமையல் எண்ணெய் தடவ வேண்டும். எண்ணெயை எண்ணெயால் எடுப்பதா என்று கேட்பீர்கள். காய்ந்து கெட்டியான மசகைச் சவர்க்காரம் ஊடுருவாது. புது எண்ணெய் அதனோடு கலந்து இளக்கிவிடும், உள்ளிருக்கும் பொடியும் தளர்ந்து வெளிவரும். இரண்டு நிமிடம் விரலால் குழைத்துவிட்டு, அதன் மேல் ஒரு தேக்கரண்டி திரவச் சவர்க்காரத்தை ஊற்றி, பழைய மெல்லிய பல்துலக்கியினால் நூல் செல்லும் திசையிலேயே தேய்க்க வேண்டும். இந்தக் கட்டத்தில் தண்ணீர் ஒரு துளியும் வேண்டா. கால் மணி நேரம் கழித்து, கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் அலசினால் கறுப்பு நுரையாக இறங்கும். ஒருமுறையில் முழுதும் போகாவிட்டால், சமையல் எண்ணெயை விட்டுவிட்டுச் சவர்க்காரத்தை மட்டும் மறுபடியும் தடவுங்கள்.

செம்பனைத் தோட்டத்தில் லாரியையும் இயந்திரத்தையும் பழுதுபார்ப்போர் உடையில் படியும் கிரீஸுக்கும் முறை இதுவேதான். மண்ணெண்ணெயில் முக்கி எடுப்பது சிலரது பழக்கம். கறை போகும், மறுக்கவில்லை. ஆனால் அந்த வாடை இரண்டு துவைப்பிற்கும் போகாது. தீயின் ஆபத்தும் உண்டு. பிள்ளையின் சீருடைக்கு அது தகாது.

இப்போது கழுத்துப்பட்டி. புதிதாகப் பட்ட எண்ணெய்க்கு நிறமில்லை. பல நாள் காற்றுப்பட்டு, வியர்வையோடு சேர்ந்து வரும் உடற்கொழுப்பும் சேர்ந்து மாறும்போதுதான் மஞ்சள் நிறம் தோன்றுகிறது. மாறிய எண்ணெய் நூலோடு இறுகிவிடும். அதனால் இக்கறைக்கு மருந்தைவிட நேரமே முக்கியம். திரவச் சவர்க்காரத்தைப் பட்டி நெடுகிலும் தடவி, பல்துலக்கியால் ஒருமுறை தேய்த்து, அரைமணி நேரமாவது விட்டுவிடுங்கள். பிறகு வெதுவெதுப்பான நீர். நீண்டநாள் கறையாயின் இரண்டு துவைப்பிற்கு இதைச் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை மாலையில் சட்டையைக் கழற்றியவுடன் பட்டியில் சவர்க்காரத்தைத் தடவிவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பது எளிது. ஞாயிறு மாலை வரையில் காத்திருந்து, திங்கட்கிழமைக்கு ஈரச்சட்டையை இஸ்திரி போட்டு உலர்த்தும் வீடுகளில்தான் இந்தக் கோடு நிரந்தரமாகிறது.

நம்மில் சிலர் இன்றும் கட்டிச் சவர்க்காரத்தையே கழுத்துப்பட்டிக்குத் தேய்க்கிறோம். குழாய் நீரில் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஈப்போவைச் சூழ்ந்துள்ள சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் ஊறி வரும் நீரைப் போன்ற கடின நீரில், கட்டிச் சவர்க்காரம் நுரைக்காமல் திரிதிரியாகப் பிரிந்து துணியில் சாம்பல் நிறமாகப் படியும். கிணற்றுநீரில் துவைப்போர், சவர்க்காரம் நுரைக்கச் சிரமப்படுகிறது என்று கண்டால் திரவச் சவர்க்காரத்திற்கு மாறிவிடுவது நல்லது.

எண்ணெய் முழுதும் போய்விட்டதா என்பதை ஈரத்துணியில் கண்டறிய இயலாது. நனைந்த துணி எங்கும் ஒரே மாதிரியாகத்தான் தோன்றும். நிழலில் உலர்த்திய பிறகு அவ்விடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, பக்கத்தில் கறைபடாத இடத்தில் இன்னொரு சொட்டு வையுங்கள். இரண்டும் ஒன்றுபோல ஊறினால் எண்ணெய் போய்விட்டது. கறையிருந்த இடத்துச் சொட்டு மட்டும் முத்துப்போல் நின்றால் எண்ணெய் இன்னும் உள்ளது. இஸ்திரி போடாமல் மறுபடியும் சவர்க்காரம் தடவ வேண்டும்.

மதிய உணவில் பட்ட குழம்பைப் பற்றி ஓர் அம்மா இடையில் கேட்டார்கள். குழம்புக் கறையில் எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்துள்ளன. எண்ணெயை மேற்சொன்னவாறு எடுங்கள். சவர்க்காரம் பட்டவுடன் மஞ்சள் சிவப்பாக மாறும். கறை கூடிவிட்டதென்று அஞ்ச வேண்டா. சவர்க்காரத்தின் காரத்தன்மைக்கு மஞ்சள் அவ்வாறு நிறம் மாறுவது இயல்பு. நன்றாக அலசி வெயிலில் போட்டால் மஞ்சளின் நிறம் வெளிறிவிடும். சுத்திகரிக்காத செம்பனை எண்ணெயின் சிவப்பும் வெயிலில் வெளிறக்கூடியதே. ஆனால் எண்ணெயை எடுக்காமல் வெயிலில் போட்டால், நிறம் போய் எண்ணெய் மட்டும் தங்கிப் பின்னர் பழுப்பாக வெளிப்படும். ஆகவே எண்ணெய் முதலில், வெயில் பிறகு.

இனிக் குளோரின் வெளுப்பானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் லயத்து வீடுகளில் வெள்ளைச் சட்டைக்கு இதுவே சர்வரோக நிவாரணி. இது கறையைக் கரைப்பதில்லை. நிறத்தை மட்டும் அழிக்கப் பார்க்கிறது. எண்ணெய்க் கறைக்கு இதனால் பயனில்லை. பந்துமுனை மையின் பசைப் பகுதியும் இதனால் போகாது. நீலம் சற்று வெளுத்து அழுக்கு மஞ்சளாக நிற்கும். பழைய கருநீல மையிலோ நிறம் அழிந்து, இரும்பு துருவாகத் துணியில் பதிந்துவிடும். கிணற்றுநீரில் இரும்பு உள்ள இடங்களில் சட்டை முழுவதும் மஞ்சள் பூப்பதற்கும் காரணம் இதுவே. எல்லாவற்றிற்கும் மேலாக, அடிக்கடி ஊற்றினால் பருத்தி நூல் நைந்து, ஆண்டு முடிவதற்குள் தோளிலும் முழங்கை வளைவிலும் சட்டை கிழிகிறது. கடைக்காரர் நல்ல துணி கொடுக்கவில்லை என்று நாம் குறை சொல்கிறோம்.

நீலப் பினாபோருக்கும், இடைநிலைப் பள்ளி மாணவிகளின் வெளிர்நீலப் பினாபோருக்கும், மாணவர்களின் பச்சைக் காற்சட்டைக்கும் குளோரின் வெளுப்பான் ஒருபோதும் ஆகாது. ஒரு துளி தெறித்தாலும் அவ்விடம் வெளுத்துவிடும். அதற்கு மாற்று மருந்து இல்லை. வெளுப்பானுடன் எலுமிச்சை, காடி ஆகிய புளிப்புப் பொருள்களைச் சேர்த்தால் மூச்சை அடைக்கும் நச்சுவாயு எழும். ஸ்பிரிட்டுடனும் அதைக் கலக்கக் கூடாது. 'ஒன்று போதாது, இரண்டையும் சேர்த்து ஊற்றுவோம்' என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முயல்வது உயிருக்கே ஆபத்தாகலாம்.

எஞ்சிய மங்கலை வெளுக்க விரும்பினால், ஆக்சிஜன் வெளுப்புத் தூள் என்று விற்பதை வாங்குங்கள். பொட்டலத்தில் எழுதியுள்ள அளவில் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, வெள்ளைச் சட்டையை இரண்டு மணி நேரம் ஊறவைக்கலாம். குளிர்ந்த நீரில் அது மெதுவாகவே வேலை செய்யும். நிறமுள்ள உடைக்கு உள்விளிம்பில் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

ஆகவே இந்தச் சட்டைக்கு நாம் மேற்கொண்ட வரிசை இது: துணி உலர்ந்திருக்கையில் மை, அதன்பின் மசகு, அதன்பின் கழுத்துப்பட்டி, மூன்றும் முடிந்த பிறகே வாளி. வரிசையை மாற்றி மசகில் தொடங்கியிருந்தால், அதை அலசும் தண்ணீர் சட்டைப்பையையும் நனைத்திருக்கும். ஸ்பிரிட் வேலை செய்திருக்காது. பேனா கசிந்த சட்டையை மற்றத் துணிகளோடு சேர்த்து இயந்திரத்தில் போடும் முன் பையைத் தடவிப் பார்க்கவும் தவறாதீர்கள். பேனா பையிலேயே இருந்தால், ஒரு சட்டையின் கறை வீட்டிலுள்ள அத்தனை துணிகளுக்கும் பங்கிடப்படும்.

ஜெல் பேனாவைப் பற்றிப் பிறகு சொல்வதாகக் கூறியிருந்தேன். பல ஜெல் பேனாக்களின் மையில் நிறம் கரைசலாக இல்லை. மிக நுண்ணிய பொடியாக இருக்கிறது. பொடி நீரிலும் கரையாது, ஸ்பிரிட்டிலும் கரையாது. ஈரமாக இருக்கும்போதே குளிர்ந்த நீரும் திரவச் சவர்க்காரமும் கொண்டு பின்புறத்திலிருந்து அலசித் தள்ளினால் பெரும்பகுதி போகும். காய்ந்துவிட்டால் மங்கச் செய்யலாமே தவிர, முழுதும் போக்குவது அரிது. வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரும் பலகையில் எளிதாக அழிகிறதே ஒழிய, துணியில் அவ்வாறு அழிவதில்லை; ஸ்பிரிட்டினால் ஓரளவே இறங்கும். இவ்விரண்டிலும் மூன்று முறை செய்தும் துண்டில் புதிதாக நிறம் இறங்கவில்லையானால் நிறுத்திவிடுங்கள். மேலும் தேய்த்தால் துணிதான் பிய்யும். கறை சட்டைப்பையில் இருந்தால், தையற்காரரிடம் கொடுத்துப் பையை மட்டும் பிரித்து, பழைய சட்டையிலிருந்து எடுத்த துணியில் புதிய பை தைத்துக்கொள்ளலாம். பையின் உட்புறத்துச் சட்டைத் துணியில் மங்கல் இருந்தாலும் புதிய பை அதனை மறைத்துவிடும்.

பின்வரிசையில் இருப்பவர்கள் முன்னே வந்து சட்டையைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். மசகு இருந்த இடத்தில் இன்னும் சாம்பல் நிறம் சற்றுத் தெரிகிறது. அதற்கு இன்னொரு முறை சவர்க்காரம் தேவைப்படும். பஞ்சுக் குச்சிகளும் ஸ்பிரிட்டும் மேசைமேல் இருக்கின்றன. வீட்டிலிருந்து வேறு சீருடை கொண்டு வந்தவர்கள், எந்தக் கறை என்பதை முதலில் சோதித்துப் பார்த்துவிட்டு, பிறகு என்னிடம் வாருங்கள்.